சலித்தவர் யார், சலிப்பூட்டியவர் யார்?

வேலைக்கான நேர்காணலில் ஓர் இளைஞரிடம், 'இந்தப் பணிக்கு ஏன் விண்ணப்பித்தீர்கள்?' என்று கேட்கிறார்கள். அவர், 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்று விடையளிக்கிறார். இப்பணியில் தமக்கு மிகுந்த ஆர்வம் உண்டு என்று சொல்லத்தான் அவர் நினைத்தார். ஆனால், ஆங்கிலம் அறிந்தவர் காதில் அது 'நான் மிகவும் சுவாரசியமானவன்' என்று விழுகிறது. சொல்ல வேண்டியது 'இன்ட்ரஸ்டட்', சொன்னது 'இன்ட்ரஸ்டிங்'. ஒரு சொல்லின் ஈறு மாறியதால், ஆர்வத்தின் அறிவிப்பு தற்புகழ்ச்சியாகிவிட்டது.

பள்ளித் தேர்விலும் போட்டித் தேர்விலும் கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாக்களில் இந்த இணைச்சொற்கள் இடம்பெறுவது வழக்கம். 'போர்டு', 'போரிங்' என்ற இரண்டையும் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இதற்கு வகுப்பறைகளில் ஒரு குறுக்குவழி சொல்லித் தரப்படுவதுண்டு. ஆட்களைக் குறித்தால் 'இ-டி' ஈறு. பொருள்களைக் குறித்தால் 'ஐ-என்-ஜி' ஈறு என்பதே அது. பல வினாக்களுக்கு இவ்விதி சரியான விடையைத் தந்துவிடும். அதுவே இதன் ஆபத்தும்கூட.

ஓயாமல் தம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை 'எ போரிங் மேன்' என்பதே ஆங்கில வழக்கு. அவர் ஆள்தான், ஆயினும், 'ஐ-என்-ஜி' ஈறே பொருந்துகிறது. கவலை தோய்ந்த முகத்தை 'எ வொரீடு ஃபேஸ்' என்பார்கள். முகம் ஆளன்று, ஆயினும், 'இ-டி' ஈறே வருகிறது. ஆகவே, ஆளா பொருளா என்பது இங்கே கேள்வியே அன்று. உணர்ச்சியை உண்டாக்குவது எது, அதற்கு ஆட்படுவது எது என்பதே கேள்வி.

இதன் வேர் ஆங்கில வினைச்சொல்லில் இருக்கிறது. 'போர்' என்னும் வினைக்குச் 'சலித்தல்' என்று நாம் பொருள் கொள்கிறோம். உண்மையில் அதன் பொருள் 'சலிப்பூட்டுதல்'. 'கன்ஃப்யூஸ்' என்பது குழம்புதல் அன்று, குழப்புதல். 'சர்ப்ரைஸ்' என்பது வியத்தல் அன்று, வியப்பூட்டுதல். நம் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரிப்பதில், இவை பிறவினையின் பக்கம் நிற்பவை. எனவே, 'போரிங்' என்றால் சலிப்பூட்டுகிற. 'போர்டு' என்றால் சலிப்பூட்டப்பட்ட, அதாவது சலிப்புக்கு ஆளான. 'போர்' என்பதைச் சலித்தல் என்று மனத்தில் பதித்துக்கொண்ட மாணவர், 'சலிக்கிற நான்' என்ற எண்ணத்தில் 'ஐ ஆம் போரிங்' என்று எழுதிவிடுகிறார். அவர் தருக்கத்தில் பிழை இல்லை. வினையின் பொருளை அறிந்ததில்தான் பிழை.

தமிழ் பேசுவோர் இதில் தடுமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்கிறோம். 'அந்தப் படம் சலிப்பாக இருக்கிறது' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் 'சலிப்பாக' என்ற ஒரே சொல்தான். சலிப்பை அடைபவர் யார் என்பதை நான்காம் வேற்றுமையின் 'கு' உருபு காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ இருவகை வாக்கியங்களிலும் எழுவாய் ஒரே இடத்தில் உருபின்றி நிற்கிறது. நம் 'கு' உருபு செய்யும் வேலையை அங்கே பெயரடையின் ஈறு செய்கிறது. தமிழில் தேவைப்படாத அந்த ஈற்றைக் கவனிக்க நம் காது பழகவில்லை.

ஆனால், வழியும் தமிழிலேயே இருக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் நினைக்கும்போது, 'எனக்கு', 'அவளுக்கு', 'மாணவர்களுக்கு' என்று 'கு' ஏற்கும் சொல் எதுவோ, அதற்கு 'இ-டி' ஈறு. 'கு' ஏற்காமல், 'ஊட்டும்' என்ற சொல்லோடு பொருந்தி நிற்பது எதுவோ, அதற்கு 'ஐ-என்-ஜி' ஈறு.

ஒரு வினாவைப் பார்ப்போம். 'தி டீச்சர் வாஸ் ______, ஸோ தி சில்ட்ரன் ஃபெல் அஸ்லீப்.' ஆசிரியர் எப்படியோ இருந்தார். ஆகவே, குழந்தைகள் உறங்கிவிட்டனர். குழந்தைகளுக்குச் சலிப்பு, அதை ஊட்டியவர் ஆசிரியர். கோடிட்ட இடம் ஆசிரியரைப் பற்றியது. எனவே, விடை 'போரிங்'. ஆளுக்கு 'இ-டி' என்று மனப்பாடம் செய்தவர் இங்கே தவறுவார். இப்போது வாக்கியத்தை மாற்றுவோம். 'தி சில்ட்ரன் ஆஸ்க்டு நோ கொஸ்டின்ஸ், ஸோ தி டீச்சர் வாஸ் ______.' குழந்தைகள் எதுவும் கேட்கவில்லை, ஆசிரியருக்குச் சலிப்பு. இங்கே விடை 'போர்டு'. அதே ஆசிரியர்தான்; சலிப்பு வந்த திசை மட்டும் மாறிவிட்டது.

மற்றொரு பொறி, காலம் பற்றியது. 'இ-டி' இறந்தகாலத்துக்கும், 'ஐ-என்-ஜி' நிகழ்காலத்துக்கும் உரியது என்று மாணவர் கருதுவதுண்டு. 'நேற்றுப் பார்த்த படம்' என்று வாக்கியம் தொடங்கினால், உடனே 'போர்டு' என்று நிரப்பிவிடுவார்கள். இந்த வாக்கியங்களில் காலத்தைக் காட்டும் வேலை 'வாஸ்', 'இஸ்' போன்ற துணைவினைகளுக்கு உரியது. பெயரடையின் ஈற்றுக்கு அதில் பங்கில்லை. நேற்றைய படமும் 'போரிங்'தான்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. உணர்ச்சியை ஊட்டும் வினைகளிலிருந்து பிறந்த சொற்களுக்கே இது செல்லும். ஓய்வு பெற்ற ஆசிரியரை 'ரிடயர்டு டீச்சர்' என்கிறோம். அங்கே உணர்ச்சியும் இல்லை, ஊட்டியவரும் இல்லை. சில சொற்களுக்கு வழக்கமான 'ஐ-என்-ஜி' இணையும் கிடையாது. அச்சம் கொண்டவர் 'ஸ்கேர்டு'. அச்சமூட்டும் கதையோ 'ஸ்கேரி'. மனம் கவரப்பட்டவர் 'இம்ப்ரெஸ்டு'; மனம் கவரும் பேச்சோ 'இம்ப்ரெஸிவ்'. இவற்றைத் தனித்தனியே அறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

வினாத்தாள் அமைப்போரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 'தி டீச்சர் வாஸ் ______' என்று மட்டும் கொடுத்து, 'போர்டு', 'போரிங்' என்ற இரண்டையும் எதிரே வைத்தால், இரண்டுமே பிழையற்ற ஆங்கிலம். விடைக்குறிப்பில் 'போர்டு' மட்டும் இருந்தால், ஆசிரியர் சலிப்பூட்டினார் என்று கருதி எழுதிய மாணவருக்கு மதிப்பெண் போய்விடும். மொழியைச் சரியாக அறிந்தவர் தண்டிக்கப்படுவார். குறுக்குவழியை மனப்பாடம் செய்தவர் தேறிவிடுவார். யாருக்கு, எதனால் அவ்வுணர்ச்சி வந்தது என்பதைக் காட்டும் ஒரு தொடரேனும் வாக்கியத்தில் இருந்தால்தான் அது நேர்மையான வினா.

அத்தகைய வினாக்களில் பயின்றவர், ஆளா பொருளா என்று பார்த்து ஈற்றைத் தேட மாட்டார். ஆர்வம் யாருக்கு என்று முதலில் கேட்டுக்கொள்வார். நேர்காணலில் அமர்ந்த அந்த இளைஞரும் அப்படிக் கேட்டிருந்தால், 'எனக்கு' என்ற சொல்லே அவரை 'இன்ட்ரஸ்டட்' என்னும் சொல்லிடம் கொண்டு சேர்த்திருக்கும்.