புகார் வந்த அன்றே எழுத வேண்டிய கடிதம்

ஈரோடு பக்கம் பன்னீர் தயாரித்து விற்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 27 காலையில் உரிமையாளருக்கு ஒரு போன். "ஏனுங்க, நேத்து ராத்திரி உங்க பன்னீர் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல பொண்ணுக்கு ஒரே வாந்தி. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்."

நல்ல மனசுக்காரர் என்றால், "எங்க தப்புதாங்க, ஆஸ்பத்திரி செலவ நாங்களே குடுத்தர்றோம்" என்று வாயில் வந்துவிடும். இன்சூரன்ஸ் பாலிசி வைத்திருப்பவர் அதைச் சொல்லக் கூடாது. பொறுப்புக் காப்பீட்டு பாலிசிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது. நலம் விசாரிக்கலாம், விசாரிக்கத்தான் வேண்டும். கூடவே எந்த பாக்கெட், பேட்ச் எண் என்ன, எங்கே வாங்கியது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, வேறென்ன சாப்பிட்டார்கள், மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நேரம் முக்கியமான தடயம். சில மணி நேரத்திலேயே வாந்தி என்றால் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சாக இருக்கலாம். அந்த நச்சு சமைத்தாலும் அழியாது. ஆனால் அது பண்ணையிலேயே சேர்ந்ததா, வாங்கிய பிறகு வெளியில் கிடந்ததால் வந்ததா என்பதைப் பரிசோதனைக்கு முன் யாராலும் சொல்ல முடியாது.

இனிதான் பலரும் சறுக்குவது. வக்கீல் நோட்டீஸ் வந்தால் இன்சூரன்ஸுக்குச் சொல்லலாம், இப்போதே சொன்னால் பிரீமியம் ஏறிவிடும் என்று நினைப்பார்கள். பொருள் பொறுப்புக் காப்பீடு இங்கே பெரும்பாலும் கோரிக்கை வரும் காலத்தைக் கணக்கில் எடுக்கும் பாலிசி. நம் உரிமையாளரின் பாலிசி மார்ச் 31-ல் முடிகிறது. அவர் பேசாமல் இருந்து, மே மாதம் நோட்டீஸ் வந்தால் பழைய பாலிசி முடிந்திருக்கும். புதிய பாலிசியோ, முன்பே தெரிந்த சம்பவம் என்று தள்ளிவிடும். புதுப்பிக்கும் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கும், மறைத்தால் பாலிசியே ஆட்டம் காணும். அதே புகாரை 27-ஆம் தேதியே எழுத்தில் தெரிவித்திருந்தால், அத்தகைய முன்னறிவிப்பை ஏற்கும் பாலிசிகளில் மே மாதக் கோரிக்கையும் பழைய பாலிசிக் காலத்தில் வந்ததாகவே கொள்ளப்படும்.

கடிதம் நீளமாக வேண்டாம். புகார் வந்த தேதி, சொன்ன விஷயம் சொன்னபடியே, பேட்ச் எண், தயாரித்த நாள், எத்தனை பாக்கெட், எங்கெங்கே போயிருக்கிறது, கையிருப்பு எவ்வளவு, இதுவரை செய்தது என்ன. கடைசியில் இரண்டு வரி: இது இழப்பீட்டுக் கோரிக்கையாக மாறலாம், சரக்கைத் திரும்பப் பெறும் செலவும் வரலாம். முகவரிடம் போனில் சொன்னதோடு விட்டுவிடாமல், பாலிசியில் உள்ள கோரிக்கைப் பிரிவு முகவரிக்கு இமெயில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

அந்த இரண்டாவது வரி ஏன் தேவை? பொருள் பொறுப்புக் காப்பீடு நோயுற்றவருக்குத் தரவேண்டிய இழப்பீட்டையும் வழக்குச் செலவையும்தான் பார்க்கும். சரக்கைத் திரும்பப் பெறும் செலவை அதில் பொதுவாக விலக்கியிருப்பார்கள். அதற்குத் தனி பாலிசியோ கூடுதல் இணைப்போ வேண்டும்.

நம் கணக்கில் அந்த பேட்ச் 1,500 பாக்கெட். 400 குளிர் அறையில், 1,100 கடைகளில். வண்டிக்கும் ஆட்களுக்கும் 75,000, பரிசோதனைக்கு 15,000, அழிக்க 20,000 என்றால் மொத்தம் 1,10,000 ரூபாய். பாலிசியில் உங்கள் பங்கு 25,000 என்றிருந்தால் கிடைக்கக்கூடியது 85,000. அதுவும் சாப்பிட்டால் உடல்நலம் கெடும் என்று ஆய்வில் தெரிந்தால்தான். சுவை மாறியிருக்கிறது, நிறம் மங்கியிருக்கிறது என்று திரும்பப் பெற்றால் பெரும்பாலும் கிடைக்காது. போன விற்பனையும் கெட்டுப்போன பெயரும் பாலிசியில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய சேராது.

கையிருப்பை அன்றே தனியாகப் பூட்டி, விற்பனையை நிறுத்த வேண்டும். அதே பேட்ச் மாதிரியில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரு பங்கை முத்திரையிட்டுக் குளிரில் வைக்க வேண்டும். சர்வேயர் வரும்முன் எதையும் அழித்துவிடாதீர்கள்.

ஆனால் கம்பெனியின் பதிலுக்காகச் சரக்கைக் கடையில் விட்டுவைக்கக் கூடாது. ஆபத்தான உணவு என்று நம்பக் காரணம் இருந்தால் உடனே திரும்பப் பெற்று, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு. அதற்கான நடைமுறை விதிகள் 2017-ல் வந்தன. செலவுக்கு முன் சம்மதம் கேட்கும் பாலிசி என்றால் போனில் கேளுங்கள், இமெயிலிலும் எழுதுங்கள், வண்டியையும் அனுப்பிவிடுங்கள். ஒரு குழந்தையின் வயிற்றைவிடப் பெரியது எந்த நிபந்தனையும் இல்லை.

உணவுத் தொழில் செய்பவர்கள் இந்த வாரமே பாலிசியை எடுத்துப் பாருங்கள். திரும்பப் பெறும் செலவு சேர்ந்திருக்கிறதா, புகாரை எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்ற இரண்டையும் குறித்து, போன் எடுப்பவரின் மேசையில் ஒட்டிவையுங்கள்.