கொண்டையில் மரு, இறக்கையில் தடுப்பூசி

மழை விட்டுக் கொசு பெருகிய சில வாரங்களில், முற்றத்தில் மேயும் கோழியின் கொண்டையில் வெளிறிய சிறு புள்ளிகள் தென்படும். சில நாட்களில் அவை தடித்து மஞ்சளாகி, கருத்த பொருக்குத் தட்டி, மருவைப்போல நிற்கும். தாடி, கண்ணிமை, அலகோரம் என இறகில்லாத இடங்களில்தான் அதிகம் வரும். இதுதான் கோழி அம்மை. மனிதருக்கு வரும் அம்மை வேறு. இது வீட்டாருக்குத் தொற்றாது.

காயமில்லாத தோலுக்குள் இந்த வைரஸ் நுழைய முடியாது. சேவல்கள் கொத்திக்கொண்ட கீறலோ, கொசுக்கடியோ அதற்கு வழிவிட வேண்டும். கொசுவின் உடலில் இது பெருகுவதில்லை. கொசுவின் வாய்க்குழலில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த கோழிகளுக்குப் போகிறது. உதிர்ந்த பொருக்கிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் என்பதால் பொருக்கைக் கூட்டியெடுத்து எரித்துவிட வேண்டும். கூட்டுக்கு அருகே தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது.

தோலில் மட்டும் வந்த அம்மை பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் தானே ஆறும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இமை வீங்கி மூடிய கோழி தீனி கண்ணுக்குத் தெரியாமல் பட்டினியால் சாகிறது. அதைத் தனியே வைத்துக் கையால் ஊட்டினால் பிழைக்க வாய்ப்புண்டு. வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலம் படர்ந்தால் மூச்சடைத்து இறந்துவிடும். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் கொடுப்பது புண்ணில் சேரும் பாக்டீரியாவுக்காகத்தான். பொருக்கைப் பிய்க்கவே கூடாது. ரத்தம் கசிந்து நோய் பரவ அது வழிவிடும்.

பத்துக் கோழிகளில் இரண்டுக்கு மரு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்நோய் மெதுவாகவே பரவும் என்பதால், மீதி எட்டுக்கும் உடனே தடுப்பூசி போடுவது பயன் தரும். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் வரை ஆகும். ஏற்கெனவே வைரஸ் புகுந்துவிட்ட கோழிக்கு இடையில் மரு வந்தால் அது ஊசியின் குற்றமல்ல. வெள்ளைக்கழிச்சலுக்குப் போட்ட ஊசி அம்மையைத் தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும், பலர் ஒன்றே போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

வழக்கமாகக் குஞ்சுக்கு ஆறு முதல் எட்டு வாரமாகும்போது அம்மைத் தடுப்பூசி போடுவார்கள். இரட்டை முனை ஊசியை மருந்தில் தோய்த்து, இறக்கையை விரித்து, ரத்தக்குழாயும் எலும்பும் படாமல் மெல்லிய சவ்வைக் குத்தித் துளைப்பார்கள். இது உயிருள்ள வைரஸ் மருந்து. பனிக்கட்டியோடு கொண்டுவந்து, கரைத்த ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து இருப்பதால் தெருக்காரர்கள் ஒரே நாளில் சேர்ந்து போட்டுக்கொள்வது நல்லது.

ஏழு முதல் பத்து நாள் கழித்து, குத்திய இடத்தில் சிறு தடிப்போ பொருக்கோ இருக்கிறதா என்று இறக்கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இருந்தால் மருந்து பிடித்துவிட்டது. பெரும்பாலான கோழிகளில் ஒன்றுமே தெரியாவிட்டால், மருந்து சூடேறிக் கெட்டிருக்கலாம், அல்லது ஊசி சவ்வைத் தொடாமல் இறகில் துடைத்துப் போயிருக்கலாம். அவற்றுக்கு மறுபடி புதுக் குப்பியிலிருந்து போட வேண்டும்.