தண்ணியில்லாக் காட்டில் வெள்ளம்: கணினிக்கு எது புரியும்?

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில், கோப்பைத் தலையில் தூக்கி நடக்கும் ஓர் அதிகாரி. படத்தின் மேல், ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திட்டாங்க’ என்ற எழுத்து. இப்படியொரு மீமை ஏஐயிடம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்.

அது படத்தைச் சிறு கட்டங்களாக நறுக்கி, எண்களாக்கி, எழுத்தோடு பொருத்திப் பார்க்கும். வெள்ளத்துக்கும் ‘தண்ணியில்லா’ என்பதற்குமான முரணைப் பிடித்துவிடும். ஆனால், ராமநாதபுரத்துக்குத் தூக்கியடிப்பேன் என்று அரசு ஊழியரை மிரட்டும் பழைய வழக்கம் படத்தில் எங்கும் இல்லை. பயிற்சித் தரவிலும் அது அரிதென்றால், ‘வறண்ட ஊரில் வெள்ளம்’ என்பதோடு விளக்கம் நின்றுவிடும்.

சோதிப்பது எளிது. அதிகாரிக்குப் பதிலாக மீனவரை வைத்துக் கேளுங்கள். அப்போதும் அதே விளக்கம் வந்தால், தண்டனை மாற்றல் என்ற பாதி நகைச்சுவை அதற்கு எட்டவேயில்லை.