பதினாறடிமான எண்களை ஏன் இரண்டிரண்டாகப் பிரிக்கிறோம்?

நினைவகத்திலிருந்து எடுத்த `0a54616d696c` என்ற சரம் கண்ணுக்கு வெறும் குவியல். பதினாறடிமானத்தில் ஓர் இலக்கம் 4 பிட். ஒரு பைட் 8 பிட். ஆகவே இரண்டு இலக்கம் சேர்ந்தால்தான் ஒரு பைட்.

```
echo 0a54616d696c | sed 's/../& /g'
```

இரண்டு புள்ளிகள் ஏதேனும் இரண்டு எழுத்துகளைப் பிடிக்கின்றன. `&` அவற்றை அப்படியே திருப்பி வைக்கிறது, பின்னால் ஓர் இடைவெளி. `g` இதைக் கடைசிவரை செய்கிறது. கிடைப்பது `0a 54 61 6d 69 6c`: ஒரு வரிமுறிப்பு, பிறகு `Tamil`.

சிக்கல் முதல் பூஜ்யத்தில். சரத்தை எண்ணாகக் கருதும் நிரல் அதை விழுங்கிவிடும். அப்போது `a5 46 16 d6 96 c` என்று வரும். மூல எழுத்து ஒன்றும் தேறாது. கடைசியில் தனித்து நிற்கும் `c`தான் துப்பு. இன்னொன்று: ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் பைட்டுகள் 6 அல்லது 7-இல் தொடங்கும், இங்கே அந்த 6 இரண்டாம் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இடப்பக்கம் ஒரு பூஜ்யம் சேர்த்தால் சரியாகிவிடும்.

ஆனால் ஒவ்வொரு பைட்டையும் `%02x` என்பதற்குப் பதில் `%x` கொண்டு அச்சிட்டிருந்தால், பூஜ்யங்கள் நடுவிலும் காணாமல்போயிருக்கக்கூடும். இரண்டு போயிருந்தால் நீளம் இரட்டைப்படையாகவே இருக்கும், துப்பும் கிடைக்காது. அதை ஒட்டுப்போட முயலாமல், தரவை மறுபடி எடுப்பதே மேல்.