தக்காளி மூன்று மடங்கு, விலைவாசி பத்து சதவீதம்

எதிர்வீட்டுப் பெரியவர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். 2025 அக்டோபர் தொடக்கத்தில், அகவிலை நிவாரணம் 55 சதவீதத்திலிருந்து 58 ஆகிறது என்று செய்தி வந்த அன்று, பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “தம்பி, மூணு சதவீதம் ஏத்தியிருக்காங்களாம். பால், மருந்து, காய்கறி ஏறுன ஏத்தத்துக்கு இது யாரு போட்ட கணக்கு?”

அகவிலை என்றால் பழைய தமிழில் தானிய விலை. நெல் விலை ஏறினால் கூலியும் ஏறவேண்டும் என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் நெல்லை மட்டும் வாங்குவதில்லை. பத்துப் பொருள் பத்து விதமாக ஏறும்போது, ‘விலைவாசி இத்தனை சதவீதம் கூடியது’ என்று ஒரே எண்ணைச் சொல்வது எப்படி? பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்ல, முதலில் ஒரு வீட்டுக் கணக்கு நோட்டைக் கற்பனையாக எழுதிப் பார்த்தோம்.

வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம். மாதம் 40 கிலோ அரிசி, கிலோ 50 ரூபாய். 40 லிட்டர் பால், லிட்டர் 50 ரூபாய். 10 கிலோ தக்காளி, கிலோ 20. 4 லிட்டர் எண்ணெய், லிட்டர் 150. வாடகை 5,200. கூட்டினால் சரியாக 10,000 ரூபாய். ஒரு வருடம் போகிறது. அரிசி 55, பால் 53, எண்ணெய் 165, வாடகை 5,460. தக்காளி மட்டும் 60 ரூபாய்க்கு எகிறிவிட்டது.

இப்போது பெரும்பாலோர் செய்யும் தவறு என்னவென்றால், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் ஏறியது என்று எழுதி, எல்லாவற்றையும் கூட்டி, பொருள்களின் எண்ணிக்கையால் வகுப்பது. அரிசி 10, பால் 6, தக்காளி 200, எண்ணெய் 10, வாடகை 5. கூட்டினால் 231, ஐந்தால் வகுத்தால் 46.2 சதவீதம். பெரியவருக்கு இந்த எண் மிகவும் பிடித்துப்போனது. ஆனால் 200 ரூபாய்க்கு வாங்கும் தக்காளிக்கும் 5,200 ரூபாய் வாடகைக்கும் இந்தக் கணக்கு ஒரே மரியாதை கொடுக்கிறது. அந்தக் குடும்பத்தின் செலவு உண்மையில் 46 சதவீதமா கூடியது?

அதைத் தெரிந்துகொள்ள நேர்வழி ஒன்று உண்டு. போன வருடம் வாங்கிய அதே அளவுகளை இன்றைய விலையில் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். அரிசி 2,200, பால் 2,120, தக்காளி 600, எண்ணெய் 660, வாடகை 5,460, மொத்தம் 11,040. பழைய 10,000-ஐ 100 என்று வைத்துக்கொண்டால், இன்றைக்கு 110.4. இதுதான் விலைக் குறியீட்டெண். உயர்வு 10.4 சதவீதம். எட்டியென் லாஸ்பேர்ஸ் என்ற ஜெர்மன் பொருளியலாளர் 1871-இல் முன்வைத்த முறை இது. இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணும் அடிப்படையில் இந்த வழியில் வந்ததுதான்.

இதே 10.4-ஐ இன்னொரு பக்கமிருந்தும் அடையலாம். செலவில் அரிசியின் பங்கு 20 சதவீதம், அது ஏறியது 10 சதவீதம். ஆக மொத்த உயர்வில் அரிசியின் பங்களிப்பு 2. பால் 1.2, எண்ணெய் 0.6, வாடகை 2.6. தக்காளியின் பங்கு வெறும் 2 சதவீதம், ஆனால் ஏறியது 200 சதவீதம் என்பதால் பங்களிப்பு 4. கூட்டினால் 10.4. செலவில் ஒரு பொருளுக்கு இருக்கும் பங்கைத்தான் குறியீட்டெண்ணில் அதன் எடை என்கிறார்கள். புள்ளியியல் அலுவலகங்கள் செய்வது இந்த இரண்டாவது வழி. அதில் ஒரு வசதி உண்டு: உயர்வுக்கு யார் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்லலாம்.

தக்காளியை நான் சும்மா இழுக்கவில்லை. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட அகில இந்தியக் குறியீட்டெண்ணில் தக்காளியின் எடை 0.57 மட்டுமே, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2023 ஜூலையில் அதன் விலை முந்தைய ஆண்டைவிட 200 சதவீதத்துக்குமேல் ஏறியபோது, மற்ற காய்கறிகளும் சேர்ந்துகொள்ள, நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்துக்குத் தாவியது.

அடுத்த ஆண்டு இதே தக்காளி எதிர்த்திசையில் வேலை செய்யும். நம் குடும்பத்தின் மூன்றாம் வருடத்தைப் பாருங்கள்: அரிசி 58, பால் 55, வாடகை 5,700. எண்ணெய் மாறவில்லை. தக்காளி பழையபடி 20. பழைய அளவுகளுக்கு மொத்தம் 11,080; குறியீட்டெண் 110.8. சென்ற ஆண்டின் 110.4-லிருந்து உயர்வு 0.4 சதவீதம்கூட இல்லை. ‘விலைவாசி கட்டுக்குள் வந்தது’ என்று தலைப்புப் போடலாம். அரிசி, பால், வாடகை மூன்றும் ஏறியிருக்கின்றன என்பது அந்தத் தலைப்பில் தெரியாது. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆண்டு உச்சத்தில் இருந்தால் இந்த ஆண்டு அடக்கமாகத் தெரியும். 2024 ஜூலையில் பணவீக்கம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சந்தேகம் வந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு குறியீட்டெண்ணையே பார்க்க வேண்டும். அது 110.8-இல் நிற்கிறதென்றால் மொத்த விலைவாசி இறங்கி வரவில்லை என்று அர்த்தம்.

இங்கே வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர் ஒரு கேள்வி கேட்பார்: “அறுபது ரூபாய்க்குத் தக்காளியை யார் பத்துக் கிலோ வாங்குறா? புளியைக் கூடக் கொஞ்சம் கரைச்சு விட்டுட்டு நாலு கிலோவோட நிறுத்திக்குவோம்.” நியாயமான கேள்விதான். அப்படி வாங்கினால் இரண்டாம் வருடச் செலவு 10,680 மட்டுமே. ஆனால் அதை 10,000-உடன் ஒப்பிட்டு 6.8 சதவீதம் என்று சொல்லிவிடக் கூடாது. அதில் விலை ஏறியதும் இருக்கிறது, குடும்பம் வாயைக் கட்டியதும் இருக்கிறது. நாலு கிலோ தக்காளியோடு கூடிய புதிய கூடை பழைய விலையில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பார்க்கவேண்டும்: 9,880. அதிலிருந்து 10,680-க்கு உயர்வு 8.1 சதவீதம். புதிய அளவுகளைக் கொண்டு கணக்கிடும் இந்த முறைக்கு ஹெர்மன் பாஷே பெயர். பழைய கூடை 10.4 என்கிறது, புதிய கூடை 8.1 என்கிறது, உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பழைய கூடையைத்தான் அரசாங்கங்கள் விரும்புகின்றன. காரணம் எளிது: விலையை மாதாமாதம் கடைக்குப் போய்க் குறித்துவரலாம், யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை அறியப் பெரிய குடும்பச் செலவு ஆய்வு வேண்டும்.

பெரியவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், “எனக்குத்தான் சொந்த வீடாச்சே, வாடகையே கிடையாதே” என்றார். அவர் கூடையிலிருந்து வாடகையை எடுத்துவிட்டோம். மிச்சம் 4,800 ரூபாய். அது 5,580 ஆகிறது. உயர்வு 16.25 சதவீதம். அதே தெரு, அதே மளிகைக் கடை, அதே விலை. வாடகை மெதுவாக ஏறிய வருடத்தில் வாடகைக்காரருக்குப் பத்து, வீட்டுக்காரருக்குப் பதினாறு. ‘அரசு சொல்லும் எண் என் வீட்டுக்குப் பொருந்தவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவேண்டிய அவசியமில்லை, அரசும் பொய் சொல்லியிருக்கவேண்டிய அவசியமில்லை. கூடை வேறு.

பெரியவரின் நிவாரணத்தைத் தீர்மானிக்கும் கூடை தொழிற்சாலைத் தொழிலாளர்களுடையது. தொழிலாளர் பணியகம் நாட்டின் 88 தொழில் மையங்களில் விலை சேகரித்து மாதந்தோறும் வெளியிடும் குறியீட்டெண் அது. அதில் உணவுக்கு 39 சதவீதம், வீட்டுவசதிக்கு ஏறக்குறைய 17. அடிப்படை ஆண்டு 2016. முன்பு அது 2001 ஆக இருந்தது. அடிப்படை மாறிய சமயத்தில் பலர் குழம்பிப்போனார்கள்; 2020 ஆகஸ்டில் 338 என்று இருந்த எண் செப்டம்பரில் 118.1 ஆயிற்று. விலை குறையவில்லை, நூறு என்று எண்ணத் தொடங்கும் இடம் மாறியது. இரண்டையும் இணைக்கும் எண் 2.88. அதால் 118.1-ஐப் பெருக்கினால் 340 வரும், சங்கிலி அறாமல் தொடரும்.

நிவாரணக் கணக்கு இதுதான். கடைசிப் பன்னிரண்டு மாதக் குறியீட்டெண்களின் சராசரியை எடுத்து, 2.88-ஆல் பெருக்கவேண்டும். அது 261.42-ஐவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். அந்த 261.42 என்பது 2015-ஆம் ஆண்டின் சராசரி. 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் தொடக்கப் புள்ளி. 2025 ஜூன் வரையிலான சராசரி 143.567. பெருக்கினால் 413.47. உயர்வு 58.16 சதவீதம். தசமப் பகுதியை வெட்டிவிட்டால் 58.

“அப்ப எனக்கு மூணு சதவீதம் கூடுது, சரிதானே?” அதுவும் இல்லை. அவருடைய அடிப்படை ஓய்வூதியத்தை 30,000 என்று வைத்துக்கொள்வோம். 55 சதவீத நிவாரணத்தோடு கையில் வந்தது 46,500. இனி 47,400. கூடியது 900 ரூபாய்; வாங்கிக்கொண்டிருந்த தொகையில் அது 1.94 சதவீதம். 55-க்கும் 58-க்கும் இருக்கும் வித்தியாசம் மூன்று புள்ளி. அந்த மூன்றும் 2016-இன் அடிப்படைத் தொகையில் கணக்கிடப்படுவது. பத்திரிகைத் தலைப்புகள் இந்தப் புள்ளியைச் சதவீதம் என்று எழுதிவிடுகின்றன. எத்தனை முறை எழுதிக்காட்டினாலும் மாறப்போவதில்லை.

அந்த மூன்று புள்ளியிலும் ஒரு விஷயம் ஒளிந்திருந்தது. முந்தைய தவணைக்கு, அதாவது 2024 டிசம்பர் வரையிலான சராசரிக்கு, இதே கணக்கைப் போட்டுக்காட்டினேன். 141.58-ஐ 2.88-ஆல் பெருக்கி, 261.42-உடன் ஒப்பிட்டால் 55.98. இரண்டு நூறில் ஒரு பங்கு போதாமல் 56 நழுவி, 55 என்று அறிவிக்கப்பட்டது. ஆக அடுத்த ஆறு மாதத்தில் உண்மையான ஏற்றம் 2.18 புள்ளிதான், மிச்சம், அன்று வெட்டுப்பட்ட தசமம் திரும்பி வந்தது.

பெரியவர் பேனாவை வாங்கி, பேப்பர் ஓரத்தில் 30,000-த்தில் 0.98 சதவீதம் என்று எழுதினார். 294. அதை ஆறால் பெருக்கினார். 1,764 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். “இது எந்தக் கூடையில போச்சு தம்பி?” என்று கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்துக்கொண்டு கிளம்பினார்.