அணிக்கோவையின் குறிகள் எங்கிருந்து வருகின்றன?

ஒரு சதுர அணியின் அணிக்கோவையைப் பள்ளியில் பெரும்பாலும் வாய்ப்பாடாகவே கற்கிறோம். 2×2 அணிக்கு ad − bc. 3×3 அணிக்கு ஆறு உறுப்புகள். அவற்றில் மூன்று கூட்டல், மூன்று கழித்தல். இந்தக் குறிகளுக்கான காரணம் பாடத்தில் அரிதாகவே சொல்லப்படுகிறது. உண்மையில் எல்லா வரிசைக்கும் பொதுவான ஒரே வரையறை இருக்கிறது. சிறிய வாய்ப்பாடுகள் அதை விரித்து எழுதினால் தாமாகவே கிடைப்பவை.

வரையறை இதுதான். ஒவ்வொரு நிரையிலிருந்தும் ஓர் எண்ணை எடுக்க வேண்டும். எடுத்தவற்றில் எந்த இரண்டும் ஒரே நிரலில் இருக்கக் கூடாது. அப்படி எடுத்த எண்களைப் பெருக்கி, அந்தப் பெருக்கலுக்கு + அல்லது − குறி இட வேண்டும். இவ்வாறு எடுக்கக்கூடிய எல்லா வழிகளுக்கும் பெருக்கல்களைக் கண்டு கூட்டினால் வருவதே அணிக்கோவை. முதல் நிரையில் எந்த நிரல், இரண்டாம் நிரையில் எந்த நிரல் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே போனால், 1 முதல் n வரையுள்ள எண்களின் ஒரு வரிசைமாற்றம் கிடைக்கும். எனவே n வரிசை அணிக்கு n! உறுப்புகள்.

குறியை முடிவு செய்வது அந்த வரிசைமாற்றம். அதில் பெரிய எண் முன்னும் சிறிய எண் பின்னுமாக நிற்கும் சோடிகளை எண்ண வேண்டும். இத்தகைய சோடியைப் பிறழ்வு என்று அழைக்கலாம். பிறழ்வுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் +, ஒற்றைப்படையானால் −. ஜெனீவாவைச் சேர்ந்த காப்ரியேல் கிராமர் 1750-இல் சமன்பாடுகளின் தீர்வை எழுதியபோது, குறிகளை இப்படிப் பிறழ்வுகளை எண்ணித்தான் தீர்மானித்தார்.

குறி தன்னிச்சையாக வைக்கப்பட்டதல்ல. ஒரு வரிசைமாற்றத்தில் எந்த இரு எண்களை இடம் மாற்றினாலும், பிறழ்வுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை அளவில் மாறும். எனவே குறி புரளும். ஓர் அணியில் இரண்டு நிரைகள் ஒன்றேயானால் உறுப்புகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, எதிர்க்குறிகளால் அழிந்து, அணிக்கோவை பூச்சியமாகும். சமன்பாடுகளில் ஒன்றே இரண்டு முறை எழுதப்பட்டிருந்தால் தனித்த ஒரே தீர்வு கிடைக்காது என்பதை இந்தப் பூச்சியம் காட்டிவிடுகிறது.

n = 2 எனில் இரண்டே வரிசைமாற்றங்கள். 1, 2 என்பதில் பிறழ்வு இல்லை, அது ad. 2, 1 என்பதில் ஒரு பிறழ்வு. அது bc, கழித்தல் குறியோடு. ad − bc வந்துவிட்டது.

3×3 அணியின் நிரைகளை a, b, c; d, e, f; g, h, i என்று கொள்வோம். 1, 2, 3 என்பது aei, பிறழ்வு இல்லை. 2, 3, 1 என்பது bfg. இதில் 2-க்கும் 3-க்கும் பின்னால் 1 நிற்பதால் இரண்டு பிறழ்வுகள், எனவே +. 3, 1, 2 என்பது cdh, அதிலும் இரண்டு. மீதி மூன்றில் afh, bdi ஆகியவற்றுக்கு ஒரு பிறழ்வு, ceg-க்கு மூன்று. ஆகவே:

```
aei + bfg + cdh − afh − bdi − ceg
```

எண்களில் பார்ப்போம். நிரைகள் 2, 1, 3. 0, 4, 1. 5, 2, 6 எனில் கூட்டல் உறுப்புகள் 48, 5, 0. கழித்தல் உறுப்புகள் 4, 0, 60. விடை 53 − 64 = −11.

முதல் நிரை வழியாக விரிக்கும் முறையில் +, −, + என்று குறி மாறி மாறி வருவதும் இதே எண்ணிக்கையால்தான். முதல் நிரையில் இரண்டாம் நிரலை எடுத்தால் வரிசைமாற்றம் 2-இல் தொடங்கும். 1 அதற்குப் பின்னால் எங்கோ வந்தே தீரும். அதனால் ஒரு பிறழ்வு உறுதி. மூன்றாம் நிரலை எடுத்தால் 1, 2 இரண்டும் பின்னால் வரும், இரண்டு பிறழ்வுகள். மற்றப் பிறழ்வுகள் யாவும் எஞ்சிய 2×2 அணிக்குள்ளேயே எண்ணப்படுகின்றன. இதனால்தான் b-யின் பங்கு −b(di − fg) ஆகிறது.

மூலைவிட்டங்களை வரைந்து பெருக்கும் சாரஸ் விதி 3×3 அணிக்கு மட்டும் பொருந்துவதன் காரணமும் இங்கே தெரிகிறது. 4×4 அணியில் உறுப்புகள் 24; மூலைவிட்டங்கள் தருவதோ எட்டு. அவற்றிலும் குறி தவறும்: 2, 3, 4, 1 என்ற மூலைவிட்டத்தில் மூன்று பிறழ்வுகள், ஆனால் விதி அதைக் கூட்டச் சொல்லும். சோதிக்க விரும்புவோர் 4×4 அலகு அணியின் முதல் இரு நிரைகளை இடம் மாற்றிப் பார்க்கலாம். பூச்சியமில்லாத ஒரே பெருக்கல் 2, 1, 3, 4; அணிக்கோவை −1. சாரஸ் விதியை நீட்டினால் கிடைப்பது 0.

பெரிய அணிகளுக்கு இந்தக் கூட்டலை அப்படியே எழுதுவது நடக்காது. வரிசை 10 ஆனாலே உறுப்புகள் 36,28,800. அப்போது நிரைகளைக் கழித்து, மூலைவிட்டத்துக்குக் கீழே பூச்சியங்களை உண்டாக்குவார்கள். ஒரு நிரையின் மடங்கை இன்னொன்றிலிருந்து கழிப்பதால் அணிக்கோவை மாறாது. அப்படிக் கிடைக்கும் முக்கோண அணியில் கடைசி நிரைக்குக் கடைசி நிரல் மட்டுமே வாய்க்கும், அதற்கு முந்தைய நிரைக்கு அதற்கு முந்தைய நிரல் மட்டுமே வாய்க்கும். இப்படியே மேலேறினால் பிறழ்வில்லாத ஒரே ஓர் உறுப்பு எஞ்சும்: மூலைவிட்ட எண்களின் பெருக்கல்.