ஐந்தாம் மாதத்தில் மாற வேண்டிய பயிற்சிகள்

வாந்தி அடங்கி, சோறு மறுபடி ருசிக்க ஆரம்பிக்கும் மாதங்கள் நான்கும் ஐந்தும். சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் இந்தச் சமயத்தில் இரண்டு குரல்கள் கேட்கும். "குனிஞ்சு கூட்டு, சுகப்பிரசவம் ஆகும்" என்பார் ஒரு பெரியவர். "அசையாமப் படு கண்ணு" என்பார் இன்னொருவர். இரண்டிலும் அக்கறை இருக்கிறது, ஆனால் இரண்டுமே முழுச் சரியில்லை. சிக்கல் இல்லாத கர்ப்பிணிக்கு வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. 14-லிருந்து 27-வது வாரம் வரை அதற்கு வசதியான காலம். ஆனால் பயிற்சி செய்யும் நிலைகளைச் சற்று மாற்ற வேண்டும்.

முதலில் மாற்ற வேண்டியது மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சி. சுமார் 20-வது வாரத்தில் கர்ப்பப்பை தொப்புள் உயரத்துக்கு வந்துவிடும். மல்லாந்து படுத்தால், கால்களிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாயை அது அழுத்தும். இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும், பிரஷர் இறங்கும். வியர்த்து, குமட்டி, தலை சுற்றும். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் சீக்கிரமே தெளிந்துவிடும். தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டோமே என்று பதற வேண்டாம்; விழித்ததும் திரும்பிப் படுத்தால் போதும்.

இளம்பிள்ளையில் தறிக்கு நூல் சுற்றும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 22 வாரம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே யோகா செய்பவர். மல்லாந்து கால் தூக்கியதை இப்போது ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை மட்டும் தூக்கி, பக்கத்துக்கு 10 முறை செய்யலாம். படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியை விட்டுவிட்டு, கைகளும் முழங்கால்களும் தரையில் ஊன்றி முதுகை மெதுவாக வளைத்து நிமிர்த்தலாம். எழும்போது வயிற்றின் நடுக்கோடு கூம்பாகப் புடைத்தால், அந்த அசைவு வயிற்றுத் தசைக்கு அதிகம் என்று பொருள். பாயிலிருந்து எழுவதும் அப்படித்தான்: முதலில் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். குந்தி எழுவதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்யட்டும்.

தனுராசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், மூச்சடக்கும் பிராணாயாமம், கபாலபாதி எல்லாம் இப்போது வேண்டாம். ஸ்கிப்பிங்கும், விழவோ வயிற்றில் அடிபடவோ வாய்ப்புள்ள விளையாட்டும் வேண்டாம்.

இடுப்பில் குடம் சுமப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்ப கால ஹார்மோன்களால் இடுப்பு மூட்டுகளின் பிடிமானம் தளர்ந்திருக்கும். நிறைந்த குடம் ஒரே பக்கம் 12, 15 கிலோ இழுத்தால் அந்தரங்க எலும்பின் நடுவே குத்தும் வலி வரலாம். அதையே சின்னச் சின்ன வாளிகளில், இரு கையிலும் சமமாக எடுங்கள். வலி ஏற்கெனவே இருந்தால், ஒற்றைக் காலில் நின்று பாவாடை மாற்றாமல் உட்கார்ந்து மாற்றுங்கள்.

நடைப்பயிற்சி இங்கே வெயிலைப் பொறுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், தண்ணீர் பாட்டிலோடு. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். இதற்கு முன் பழக்கமில்லாதவர் 10 நிமிடத்தில் தொடங்கி, சில வாரங்களில் 30 நிமிடத்துக்கு வரலாம். நூல் சுற்றுபவர் போல நாளெல்லாம் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்பவர் நடுநடுவே எழுந்து நான்கு எட்டு நடப்பதும் பயிற்சிதான்.

சில அறிகுறிகள் வந்தால் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும். ரத்தக்கசிவு, நீர் கசிவு, நெஞ்சுவலி, மயக்கம், வேலை தொடங்கும் முன்பே மூச்சுத்திணறல், பார்வை மங்கலோடு கடும் தலைவலி, ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பது. இவை எதுவானாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள். வயிறு எப்போதாவது இறுகி, நிலை மாற்றிப் படுத்ததும் தளர்ந்தால் பயமில்லை. இறுக்கம் ஒழுங்கான இடைவெளியில் வலியோடு திரும்பத் திரும்ப வந்தால் அது குறைப்பிரசவத்தின் தொடக்கமாக இருக்கலாம். அசைவு தெரிய ஆரம்பித்த குழந்தை அமைதியாகிவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

பயிற்சியையே தள்ளிப்போட வேண்டியவர்களும் உண்டு. கடும் ரத்தசோகையோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டவர்கள், ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும். ஆகவே அடுத்த செக்கப்பில் நர்ஸிடமோ டாக்டரிடமோ மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஹீமோகுளோபின் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, நஞ்சு எங்கே இருக்கிறது. பதில் தெரிந்த பிறகு நடக்க ஆரம்பியுங்கள்.